தீவனக் குடோனில் சேஃப்டி ஸ்டாக் கணக்குப் போட்ட அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாட்டுத் தீவன விநியோகஸ்தரிடம் கணக்கும் ஸ்டாக்கும் நான்தான் பார்க்கிறேன். காவேரிப்பட்டணம், பர்கூர், வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கத்துக் கடைகளுக்கும் பால் சங்கங்களுக்கும் எங்கள் குடோனிலிருந்துதான் மூட்டை போகிறது. சரக்கு ஈரோடு பக்கத்து மில்லிலிருந்து சேலம், தொப்பூர் கணவாய் வழியாக வரும். எவ்வளவு இருப்பு கையில் இருக்க வேண்டும் என்பதற்கு முதலாளியிடம் ஒரு பழைய விதி இருந்தது: “எப்பவும் ஏழு நாள் சரக்கு கூடுதலா கிடக்கட்டும்மா.” நாளுக்கு 40 மூட்டை ஓடும் 50 கிலோ பால் மாட்டுத் தீவனத்துக்கு அது 280 மூட்டை. இந்த 280 எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

எங்களிடம் இரண்டு விஷயங்கள் ஆடுகின்றன. விற்பனை நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. ஆர்டர் கொடுத்துச் சரக்கு வரும் நாட்களும் ஏறி இறங்குகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சூத்திரம் இது:

```
SS = Z × √( L × σd² + d² × σL² )
```

SS என்பது சேஃப்டி ஸ்டாக், தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் இருப்பு. d என்பது ஒரு நாள் சராசரி விற்பனை, σd அதன் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு. L என்பது சரக்கு வர ஆகும் சராசரி நாட்கள், σL அதன் திட்ட விலக்கம். Z நாம் எவ்வளவு உறுதி கேட்கிறோம் என்பதைச் சொல்லும் எண். 95 சதவீதத்துக்கு 1.645.

முதல் பகுதி விற்பனையின் ஆட்டம். ஒரு நாள் கூடுதலாக விற்றால் இன்னொரு நாள் குறையும், காத்திருக்கும் நாட்களுக்குள் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் திட்ட விலக்கத்தை அப்படியே L-ஆல் பெருக்குவதில்லை, அதன் வர்க்கத்தைத்தான் பெருக்குகிறோம். இரண்டாவது பகுதி லாரியின் ஆட்டம். லோடு ஒரு நாள் தாமதமானால் 40 மூட்டை முழுசாகக் கையிருப்பிலிருந்து போகும். அதில் ஈடுகட்ட எதுவும் இல்லை. அதனால்தான் அங்கே d வர்க்கமாக வந்து நிற்கிறது.

சூத்திரத்தைப் போடுவது ஐந்து நிமிட வேலை. தரவு எடுப்பதில்தான் நேரம் போனது. டேலியில் கொள்முதல் வவுச்சர் மில் இன்வாய்ஸ் தேதியில் ஏறியிருக்கும், அது சரக்கு வந்த தேதி இல்லை. ஆர்டர் தேதியோ டேலியில் இல்லவே இல்லை. முதலாளி வாட்ஸ்அப்பில் மில்லுக்கு அனுப்பிய செய்தியில்தான் இருந்தது. ஆக வாட்ஸ்அப்பிலிருந்து ஆர்டர் தேதி, வாட்ச்மேன் கேட் ரிஜிஸ்டரிலிருந்து லோடு இறங்கிய தேதி, இடையில் வரும் ஞாயிறுகளைக் கழித்து வேலை நாட்கள். விற்பனையையும் வேலை நாளுக்குத்தான் எடுத்தேன். ஒன்றை வேலை நாளிலும் மற்றதைக் காலண்டர் நாளிலும் வைத்தால் விடை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும்.

விற்பனையிலும் ஒரு பொறி உண்டு. குடோன் காலியாக இருந்த நாளில் பில் பூஜ்யம் என்று காட்டும். அன்று யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை, கொடுக்கச் சரக்கு இல்லை. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அப்புறம் கிடைத்தது: d = 40, σd = 12.

கடைசிப் பத்து லோடுகள் வர எடுத்த நாட்கள்: 4, 5, 5, 6, 4, 9, 5, 8, 5, 9. சராசரி 6. `STDEV.S` கொடுத்தது 1.94, அதை 2 என்று வைத்துக்கொண்டேன்.

```
B1 = 40   (d)
B2 = 12   (σd)
B3 = 6    (L)
B4 = 2    (σL)
=NORM.S.INV(0.95)*SQRT(B3*B2^2 + B1^2*B4^2)
```

முதல் பகுதி 6 × 144 = 864. இரண்டாவது 1600 × 4 = 6400. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 85, அதை 1.645-ஆல் பெருக்கினால் 140 மூட்டை. காத்திருக்கும் 6 நாளுக்கு 240 மூட்டை வேண்டும். ஆக இருப்பு 380-க்கு இறங்கும்போது ஆர்டர் போக வேண்டும். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்து வழியில் இருக்கும் லோடு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துத்தான் இந்த 380.

முதலாளியின் 280-இல் பாதிதான் தேவை என்று இதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அதைவிட 864-க்கும் 6400-க்கும் இடையே உள்ள தூரம்தான் முக்கியமாகப் பட்டது. விற்பனை ஆட்டத்தைப் பாதியாக்கி σd-ஐ 6 ஆக்கினால் 140 என்பது 134 ஆகும், ஆறே மூட்டை மிச்சம். லாரி ஆட்டத்தைப் பாதியாக்கி σL-ஐ 1 ஆக்கினால் 82-க்கு இறங்கும். “அடுத்த வாரம் எவ்வளவு வேணும்னு முன்கூட்டியே சொல்லுங்க” என்று எங்கள் சேல்ஸ்மேன் கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அத்தனை பாடும் அந்த ஆறு மூட்டைக்குத்தான்.

சரி, லாரி ஏன் ஆடுகிறது? பத்து எண்களையும் மறுபடி பாருங்கள். ஏழு லோடு 4 முதல் 6 நாளுக்குள், மூன்று லோடு 8, 9 நாள். நடுவில் ஏழு என்று ஒன்றுகூட இல்லை. இரண்டு வேறு காரணங்கள் கலந்திருக்கும்போதுதான் எண்கள் இப்படிப் பிரிந்து நிற்கும். நாங்கள் ஒரு முறைக்கு 300 மூட்டை கேட்போம், அதாவது 15 டன். மில் அனுப்பும் வண்டிக்கு முழு லோடு 20 டன். மீதி இடத்துக்கு ஓசூர் பக்கம் யாராவது ஆர்டர் போடும்வரை வண்டி நிற்கும். தொப்பூரில் விபத்து, டிராஃபிக் ஜாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் சில மணி நேரத் தாமதம்தான். நாள்கணக்கில் தாமதம் மில் வாசலிலேயே நடந்தது.

முதலாளியிடம் 400 மூட்டையாக, முழு லோடாகக் கேட்கலாம் என்றேன். “இருப்பைக் குறைக்கறேன்னு வந்துட்டு ஆர்டரைக் கூட்டச் சொல்றியேம்மா?” என்றார். நியாயமான கேள்வி. 300-ஆக வாங்கும்போது ஆர்டரில் பாதியான 150-உம் சேஃப்டி ஸ்டாக் 140-உம் சேர்த்துச் சராசரி இருப்பு 290. முழு லோடு கேட்க ஆரம்பித்த பிறகு வண்டி சராசரி 5 நாளில் வந்தது, σL 1-க்குப் பக்கம். சேஃப்டி ஸ்டாக் 79, ஆர்டரில் பாதி 200, மொத்தம் 279. முடங்கும் பணம் பெரிதாகக் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் அதே ஏற்பாட்டில் உறுதியை 99 சதவீதமாக்கினால் சேஃப்டி ஸ்டாக் 112, மொத்தம் 312. பழைய நிலையைவிட 22 மூட்டை கூடுதல்.

இந்தச் சதவீதத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 95 என்றால் நூறு மூட்டையில் 95 கொடுத்துவிடுவோம் என்பதல்ல, நூறு ஆர்டர் சுற்றில் 95 சுற்று தட்டுப்பாடில்லாமல் முடியும் என்பது. 300-ஆக வாங்கினால் வருஷத்துக்குச் சுமார் 40 சுற்று, அதில் இரண்டு முறை கை வறளும். முழு லோடில் 30 சுற்று. 99 சதவீதத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. முதலாளி இதைக் கேட்டுத்தான் சம்மதித்தார்.

கோடைக்கு இந்த எண்கள் செல்லாது. பசுந்தீவனம் குறைந்ததும் எங்கள் விற்பனை ஏறும், அதே சமயம் மில்லுக்கு எல்லா ஊரிலிருந்தும் ஆர்டர் குவிந்து லோடும் தாமதமாகும். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஆடுகின்றன என்று சூத்திரம் நம்புகிறது. கோடையில் அது பொய். அதனால் வருஷம் முழுவதையும் ஒரே தாளில் போடாமல், மார்ச் முதல் மே முதல் வாரம் வரைக்கும் தனித் தாள் வைத்திருக்கிறேன். அதில் d 55, σd 15, L 7, σL 2.5. 95 சதவீதத்துக்குச் சேஃப்டி ஸ்டாக் 235, ஆர்டர் போகும் அளவு 620. மே இரண்டாம் வாரத்திலிருந்து கோடைத் தாளை மூடிவிட்டு வழக்கமான தாளுக்கு வந்துவிடுகிறோம். மழை பிடித்த பிறகு குடோனில் அதிகம் தேங்கினால் அடி அட்டி மூட்டைகளில் பூஞ்சை பிடிக்கும், அதை எந்தச் சங்கமும் எடுக்காது.