சாப்பிட்ட இருபதாவது நிமிடம்: பித்தப்பையை எடுத்தபின் ஏழு மாதம்

பித்தப்பைக் கல்லுக்கான அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. வயிற்றில் நான்கு சிறு துளைகள், மறுநாள் வீடு, இரண்டு வாரத்தில் வழக்கமான வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு வீணாகப் போன ஏழு மாதங்கள் மீதுதான். "இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குக் கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வயிறு நீராகப் போகலாம், போனால் அதற்கு மருந்து உண்டு என்று ஒரே ஒரு வரி கூடச் சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதங்கள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது வாரத்தில் தொடங்கியது. காலையில் வெண்ணெயில் பொரித்த முட்டை சாப்பிட்டேன். இருபது நிமிடம் ஆகவில்லை. வயிறு ஒருமுறை சுருண்டு இழுத்தது, அடுத்த நிமிடமே கழிப்பறையில் இருக்க வேண்டியதாயிற்று. அடக்கி வைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீராகப் போனது, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், போன இடத்தில் எரிச்சல். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. இதே கதை வாரத்தில் நான்கைந்து நாள். வெளியே கிளம்பும்முன் வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

முதலில் பார்த்த மருத்துவர் கிருமித்தொற்று என்றார். ஐந்து நாள் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை, பயன் இல்லை. மலப் பரிசோதனையிலும் கிருமி எதுவும் தெரியவில்லை. இரண்டாமவர் குடல் எரிச்சல் நோய் என்றார், மன அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார். இருவருமே என்னிடம் 'ஏதாவது அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா' என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பித்தப்பை மேல் வயிற்றில் இருந்தது, தொல்லை கீழே. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் படிக்கிறவர்கள் என் தவறைச் செய்ய வேண்டாம். எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்கிறாரோ இல்லையோ, பித்தப்பை எடுத்த விவரத்தை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாகக் குடல் நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அங்கே ஒரு பயணம் வீண். முன்பதிவு மேசையில் இருந்தவர் பழைய அறுவை சிகிச்சைச் சுருக்கம் இல்லாமல் உள்ளே அனுப்ப முடியாது என்றார். என்னிடம் பில் இருந்தது, ஸ்கேன் இருந்தது, அந்த ஒரு தாள் மட்டும் இல்லை. அதன் நகலை வாங்க மூன்று வாரம் ஆனது. கோபத்தோடு காத்திருந்த அந்த நாட்களில்தான் உருப்படியாக ஒன்று செய்தேன்: தினமும் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் போனது, எப்படிப் போனது என்று ஒரு நோட்டில் எழுதினேன்.

மூன்று வாரக் குறிப்பில் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கொழுப்பில்லாத உணவுக்குப் பின் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அடுத்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அதே இரண்டு முட்டை, அதே அளவு வெண்ணெய், காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ஓட வேண்டியிருந்தது. காலையில் சிறிதளவு கொழுப்பில்லாத உணவு எடுத்துக்கொண்டு, அதே முட்டையை மதியம் சாப்பிட்ட நாட்களில் வயிறு சற்று முனகியதோடு சரி.

அந்த நோட்டைத்தான் மருத்துவர் முதலில் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மலம் தண்ணீரில் மிதக்கிறதா? எண்ணெய்ப் படலம் தெரிகிறதா? கழுவினாலும் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கிறதா?" அவை செரிக்காத கொழுப்பு மலத்தில் போவதன் அடையாளங்களாம். மூன்றுக்கும் இல்லை என்றேன். இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறதா, இரத்தம் போகிறதா, எடை குறைகிறதா, காய்ச்சல் உண்டா என்றும் கேட்டார். அவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று சொல்லியிருந்தாலும் வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும், பித்தப்பையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்றார்.

அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது இது: பித்தப்பை இல்லை, அதனால் பித்தநீர் இல்லை, கொழுப்பு செரிக்கவில்லை, செரிக்காத கொழுப்பு போகிறது. மிகப் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அது தவறு. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை அது சுரந்துகொண்டேதான் இருக்கிறது. பித்தப்பை வெறும் சேமிப்புப் பை. முப்பது முதல் ஐம்பது மில்லிலிட்டர்தான் பிடிக்கும். ஆனால் பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி அதைக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்பு குடலுக்குள் வரும் நேரத்தில் சுருங்கி வெளியே விடும். அந்தப் பை போய்விட்டால் கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் கிடைக்காமல் போவதில்லை. எப்போது வர வேண்டும் என்ற ஒழுங்குதான் போய்விடுகிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சிறுகுடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கிறது.

மற்றதை அவர் ஒரு தாளில் படம் வரைந்து சொன்னார். பித்தநீரில் இருக்கும் பித்த அமிலங்களை உடல் வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். மீதிச் சிறு பங்குதான் பெருங்குடலுக்குப் போகும். பித்தப்பை இல்லாதபோது சிலருக்கு இந்தக் கணக்கு குலைகிறது. இரவெல்லாம் வடிந்த பித்தநீர் சிறுகுடலில் இருக்கும் நிலையில் காலையில் கொழுப்பு மிகுந்த உணவு போகிறது. அந்த உணவு குடல் அசைவைத் தூண்டுகிறது. இரைப்பை நிறைந்ததுமே பெருங்குடலும் தூண்டப்படுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீச்சில் கீழே தள்ளப்பட, உறிஞ்சும் பகுதிக்கு அவகாசம் போதவில்லை. தப்பிய பித்த அமிலங்கள் பெருங்குடலுக்குள் கொட்டுகின்றன.

பெருங்குடலின் வேலை தண்ணீரை உறிஞ்சுவது. பித்த அமிலம் அதிகமாக வந்தால் அது தலைகீழாகிறது: குடல் சுவர் உப்பையும் தண்ணீரையும் உள்ளே சுரக்கத் தொடங்குகிறது, தசைகள் பலமாகச் சுருங்குகின்றன. தண்ணீராகப் போவதற்குக் காரணம் அந்தச் சுரப்பு. அடக்க முடியாத அவசரத்துக்குக் காரணம் அந்தச் சுருக்கம். மஞ்சள் பச்சை நிறமும் எரிச்சலும் பித்தத்தினுடையவை. ஏழு மாதமாக நான் பட்டதெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. கதிரியக்க செலினியம் சேர்த்த பித்த அமிலத்தைக் குளிகையாக விழுங்கச் செய்து, ஏழு நாள் கழித்து உடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். பதினைந்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் இழப்பு அதிகம் என்று பொருள். எல்லா நாடுகளிலும் அது கிடைப்பதில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தில் மருந்தையே கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

மருந்தின் பெயர் கொலஸ்டிரமின். நான்கு கிராம் பொட்டலமாக வரும் தூள். அது இரத்தத்தில் கலப்பதில்லை. குடலுக்குள்ளேயே பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறிவிடும். தண்ணீரில் முழுதாகக் கரையாது, மணல் போல் நாக்கில் தட்டுப்படும். உலர்ந்த தூளாக ஒருபோதும் வாயில் போடக்கூடாது. கலக்கிச் சில நிமிடம் ஊறவிட்டுக் குடித்தால் சற்று எளிது. காலை உணவுக்கு முன் ஒரு பொட்டலம் என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள், பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக, சாப்பிட்டு முடித்தும் மேசையைவிட்டு எழாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு பெரிய தவறு செய்தேன். எனக்கு ஏற்கெனவே தைராய்டு குறைவு. காலையில் எழுந்ததும் மாத்திரை போடுவேன், அரை மணி நேரத்தில் இந்தத் தூளையும் குடித்துவிடுவேன். ஆறு வாரத்தில் உடல் சோர்ந்தது, குளிர் தாங்கவில்லை, முகம் உப்பியது. இரத்தத்தைப் பார்த்தால் தைராய்டு அளவு மீண்டும் கெட்டிருந்தது. காரணம் எளிது: அந்தத் தூள் பித்த அமிலத்தை மட்டும் பிடிப்பதில்லை, வயிற்றில் இருக்கும் மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். வேறு மருந்துகளை அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி தேவை. மருந்துக் கடையில் இதை யாரும் சொல்லவில்லை. மருத்துவரிடமும் நான் தைராய்டு மாத்திரையைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது அதைப் படுக்கப் போகும்போது, இரவு உணவுக்கு நன்றாக இடைவெளி விட்டுப் போடுகிறேன், அளவு சரியாகிவிட்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ இதய மருந்தோ கருத்தடை மாத்திரையோ எடுப்பவர்கள் முதல் பொட்டலத்தைப் பிரிக்கும்முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, முழுப் பொட்டலம் எனக்கு அதிகம். இரண்டாம் வாரத்தில் மலச்சிக்கலும் வயிற்று உப்பசமும் வந்தன. அரைப் பொட்டலமாகக் குறைத்ததும் சரியாயிற்று. நெடுநாள் எடுத்தால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் குறையலாம் என்பதால் அவற்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார். தூளை விழுங்கவே முடியாதவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் கோலசெவெலாம் என்ற மாத்திரை உண்டு.

உணவில் நான் கொழுப்பை அறவே விடவில்லை. விட வேண்டியதும் இல்லை என்றார் மருத்துவர். ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துச் சாப்பிடுகிறேன். நாளின் முதல் உணவில் மட்டும் கொழுப்பைக் குறைவாக வைத்துக்கொள்கிறேன். பலருக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை, வந்தவர்களிலும் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் தணிந்துவிடும். எனக்குத் தணிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மருத்துவரின் ஒப்புதலோடு போன மாதம் ஐந்து நாள் தூளை நிறுத்திப் பார்த்தேன். முதல் நான்கு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் வெண்ணெயில் பொரித்த அதே இரண்டு முட்டை. இருபத்தைந்தாவது நிமிடம் வயிறு சுருண்டு இழுத்தது. மறுநாள் காலை அரைப் பொட்டலத்தைக் கலக்கி ஊறவைத்துவிட்டு, நோட்டில் தேதியைக் குறித்துவைத்தேன்.