கதவு மூடியதிலிருந்து ஓடுபாதை வரை: என் முதல் விமானப் பயணம்

ராணிப்பேட்டையிலிருந்து தோல் மாதிரிகளுடன் கொல்கத்தா போகவேண்டிய வேலை வந்தபோதுதான் நான் முதன்முதலாக விமானம் ஏறினேன். சென்னை விமான நிலையத்துச் சோதனைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லி அனுப்பப் பலர் இருந்தார்கள். ஆனால் இருக்கையில் அமர்ந்தபின் விமானம் மேலெழும்பும் வரை என்னென்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நல்லவேளையாக, பக்கத்து இருக்கையில் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் இருந்தார். அடிக்கடி பறப்பவர் என்பதால் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார்.

எல்லோரும் ஏறி முடித்ததும் கதவுகள் மூடப்பட்டன. ‘கேபின் க்ரூ, ஆர்ம் டோர்ஸ் அண்ட் கிராஸ்செக்’ என்றொரு குரல் ஒலித்தது. அது பயணிகளுக்கான அறிவிப்பு அன்று. ஆபத்தின்போது சறுக்கி இறங்குவதற்காகக் கதவினுள் மடித்து வைத்திருக்கும் ரப்பர் சறுக்குப்பாதையைப் பணியாளர்கள் இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கிறார்கள். அதன்பின் உள்ளிருந்து கதவைத் திறந்தால் சறுக்குப்பாதை சில நொடிகளில் காற்று நிரம்பி வெளியே விரிந்துவிடும்.

பிறகு விமானம் மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்தது. அது தானாகப் பின்வாங்குவதில்லை. மூக்குப்பகுதிச் சக்கரத்தோடு இணைக்கப்பட்ட ஓர் இழுவை வண்டி அதைத் தள்ளுகிறது. புஷ்பேக் என்பது இதுதான். அந்த நேரத்தில் ஏசி காற்று சட்டென நின்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. வால்பகுதியில் உள்ள சிறிய துணை எஞ்சின் தரும் காற்றைக் கொண்டுதான் பெரிய எஞ்சின்களைச் சுழற்றித் தொடங்குகிறார்கள் என்பதால், அதுவரை ஏசிக்குப் போய்க்கொண்டிருந்த காற்று அங்கே திருப்பப்படுகிறது. எஞ்சின்கள் ஓடத் தொடங்கியதும் குளிர்ச்சி திரும்பிவிடுகிறது. விளக்குகள் ஒருமுறை சிமிட்டினாலும் மின்சாரம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறுகிறது என்றே பொருள்.

அடுத்து என் காலுக்கடியில் ரம்பம் அறுப்பதுபோல் கரகரவென்று ஒரு சத்தம் விட்டுவிட்டு எழுந்தது. “இன்னா பாய் இது?” என்று கேட்டேன். “ஏர்பஸ் 320ல இது எப்பவும் வரும் தம்பி, ரெண்டாவது எஞ்சின் ஸ்டார்ட் ஆவுது” என்றார். இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கிடையே அழுத்தத்தைக் கடத்தும் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம் அது. இறக்கைக்கு அருகில் அமர்ந்திருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். இழுவை வண்டி விலகியபின், தரையில் நின்ற ஊழியர் சிவப்பு நாடா கட்டிய ஓர் ஊசியை விமானியை நோக்கி உயர்த்திக் காட்டினார். தள்ளும்போது மூக்குச் சக்கரத்தை விமானி திருப்பிவிடாதபடி செருகியிருந்த அந்த ஊசியை எடுத்துவிட்டேன் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விமானம் தன் எஞ்சின் விசையில் ஊர்ந்து செல்லத் தொடங்கிய வேளையில் பாதுகாப்புச் செய்முறை நடந்தது. பெரும்பாலானோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பார்த்தது பயனாயிற்று. இருக்கை வாரின் கொக்கியை, கார் பெல்ட்டைப்போல் பொத்தானை அழுத்தி அல்ல, மேல்மூடியைத் தூக்கித்தான் விடுவிக்க வேண்டும். பதற்றத்தில் கை பழகிய பொத்தானையே தேடும். ஆக்ஸிஜன் முகமூடி விழுந்தால் அதைத் தன்பக்கம் இழுத்தால்தான் காற்று வரத் தொடங்கும். பை உப்பாவிட்டாலும் காற்று வந்துகொண்டிருக்கும். முதலில் தனக்குப் போட்டுக்கொள்ளச் சொல்வதன் காரணம், அந்த உயரத்தில் நினைவு தப்புவதற்குமுன் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதே. உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள் ஊதக்கூடாது, ஏனெனில் உள்ளே நீர் புகுந்தால் அது நம்மைக் கூரையோடு ஒட்டவைத்து, வெளியேறும் வழிக்கு மூழ்கிச் செல்ல விடாது. மிக அருகிலுள்ள வழி நமக்குப் பின்னாலும் இருக்கலாம். புகையில் கண் தெரியாது என்பதால் அதுவரை எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளும்படி பாய் சொன்னார்.

ஜன்னல் திரையைத் திறக்கச் சொன்னது வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. வெளியே தீயோ புகையோ இருந்தால் உள்ளிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். இதற்கிடையே இறக்கையின் பின்விளிம்பு ‘விர்’ரென்ற ஓசையுடன் நீண்டு கீழே சாய்ந்தது, குறைந்த வேகத்திலும் கூடுதல் தூக்குவிசை கிடைப்பதற்காக விரிக்கும் ஃபிளாப்புகள் அவை.

ஓடுபாதைக்கு முன் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய விமானம் புறப்பட்டது. அது விட்டுச்செல்லும் காற்றுச்சுழல் அடங்குவதற்காகச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதைக் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. ‘கேபின் க்ரூ, டேக் யுவர் சீட்ஸ் ஃபார் டேக்ஆஃப்’ என்று விமானி சொன்னதும் பணியாளர்கள் தங்கள் மடிப்பிருக்கைகளில் அமர்ந்து தோள்வார்களை மாட்டிக்கொண்டார்கள். எஞ்சின் முழக்கம் உயர, முதுகு இருக்கையோடு அழுந்த, அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்துக்குப்பின் மூக்கு உயர்ந்தது. உடனே அடியில் கேட்ட ‘தடக்’ ஒலி சக்கரங்கள் உள்ளே மடங்கியது. சிறிது நேரத்தில் எஞ்சின் சத்தம் தணிந்தது, ஏறுவதற்குத் தேவையான அளவுக்கு விசையைக் குறைத்ததால்.