பில் இருந்தது, வாரண்டி இல்லை

தக்கலையில் கல்யாணப் போட்டோ எடுப்பது என் தொழில். குளச்சலில் ஒரு கல்யாணம். மோதிரம் மாற்றும் நேரத்தில் என் 70-200 லென்ஸ் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது, அதோடு ஆட்டோஃபோகஸ் நின்றுவிட்டது. மீதிக் கல்யாணத்தைக் கையால் ஃபோகஸ் திருப்பியே எடுத்து முடித்தேன். லென்ஸ் வாங்கி பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருட வாரண்டி என்று சொல்லித்தான் நாகர்கோவில் கடைக்காரர் கொடுத்தார் என்பதால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

திருவனந்தபுரத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் லென்ஸைக் கழற்றக்கூட இல்லை. மவுண்ட் பக்கம் பொடி எழுத்தில் இருந்த சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது இந்தியாவுக்கு வந்த பீஸ் இல்லை” என்றார். போலியா என்று பதறிக் கேட்டேன். “லென்ஸ் ஒரிஜினல்தான். வேறு நாட்டுக்கு அனுப்பினதை யாரோ கொண்டு வந்து வித்திருக்காங்க. இங்கே வாரண்டி கிடையாது.”

பில்லை நீட்டினேன். அப்போதுதான் நானே அதை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலே ‘எஸ்டிமேட்’ என்று இருந்தது. ‘லென்ஸ் 1’, தொகை, கடை முத்திரை. சீரியல் நம்பர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. எழுத்தும் பாதி மங்கியிருந்தது. வெப்பத்தில் அச்சாகிற அந்த வழுவழுத் தாள் பர்ஸிலேயே கிடந்தால் அப்படித்தான் ஆகும். மற்ற கடைகளைவிட இருபதாயிரம் குறைவாகக் கிடைத்ததன் ரகசியம் அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினேன். ஒன்று இந்த லென்ஸுடையது, இன்னொன்று வேறு கடையில் வாங்கிய கேமரா பாடியுடையது. கேமரா பெட்டியில் இந்தியாவில் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, மாதம், வருடம், எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., புகாருக்கான போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. பெட்டியில் அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளுக்கு இங்கே சட்டப்படி இந்த விவரங்கள் வேண்டும். லென்ஸ் பெட்டியில் அந்த இடம் வெறுமை. உள்ளே இருந்த வாரண்டி அட்டையும் வேறு நாட்டுக்கானது.

ஸ்டிக்கர் இருந்தாலே போதும் என்றும் நம்ப முடியாது, அதை அச்சடித்து ஒட்டுகிறவர்களும் உண்டு. சீரியல் நம்பரைக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்பதுதான் உறுதியான வழி. வளைகுடாவில் இருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் கேமராவுக்கும் இதே கதைதான். அங்கே முறையான கடையில் வாங்கியதாகவே இருக்கும். ஆனால் உலகம் முழுக்கச் செல்லும் என்று அட்டையில் எழுதியிருந்தால் ஒழிய, வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடும்.

நாகர்கோவில் கடைக்காரர், “அண்ணே, நான் சொன்னது ஷாப் வாரண்டி. அது ஒரு வருஷம்தான்” என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. என்னிடம் இருந்தது, டெபிட் கார்டில் பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டும், ‘ரெண்டு வருஷம் உண்டு’ என்று அவரே அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியும். இரண்டையும் பிரின்ட் போட்டு, லென்ஸின் சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்வேன், அப்புறம் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். அங்கே இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். வெளியே மெக்கானிக்கிடம் மோட்டார் மாற்றினோம், செலவில் பாதி அவருடையது. வழக்கு என்று அலைந்திருந்தால் முழுதும் கிடைத்திருக்கலாம். ஆனால் சீசன் நேரத்தில் எனக்கு லென்ஸ் கையில் வேண்டும்.

போன மாதம் ஒரு ஃபிளாஷ் வாங்கினேன். பணம் கொடுக்கும் முன்பே பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை services.gst.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தேன். 33-இல் தொடங்கும் பதினைந்து எழுத்து. கடைப் பெயரும் சரியாக வந்தது. பிறகு பெட்டியைக் கவுண்டரிலேயே பிரிக்கச் சொல்லி, பெட்டி, ஃபிளாஷ், பில் மூன்றிலும் உள்ள சீரியல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். பில்லில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்தது. பில் போட்ட பெண், “ஒரு நம்பர்தானே அண்ணா” என்றாள். வேறு பில் போடச் சொல்லி, அங்கேயே மொபைலில் படம் எடுத்து எனக்கே மெயில் அனுப்பிக்கொண்டேன்.