பதினோரு மணிக்கு மட்டும் கசந்த கிரீன் டீ

மூன்று வாரமாக என்னைப் படாத பாடு படுத்திய கசப்புக்குக் காரணம் நேற்றுத்தான் பிடிபட்டது. கஃபே திறந்ததும் போடும் முதல் கிரீன் டீ இலேசான இனிப்போடு அருமையாக வரும். பதினோரு மணிக் கூட்டத்தில் அதே 5 கிராம் இலை, அதே 300 மில்லி தண்ணீர், அதே இரண்டு நிமிடம். ஆனால் நாக்கின் ஓரங்களைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு. கெட்டிலோ எப்போதும் 80 டிகிரிதான் காட்டுகிறது.

முதலில் இலையைச் சந்தேகித்தேன். இந்த முறை வந்த பையின் அடியில் தூள் ஏராளம். தூள் சீக்கிரம் சாறு இறங்கிவிடும் என்பதால் சலித்துப் போட்டுப் பார்த்தேன். துவர்ப்பு குறைந்ததே தவிரப் போகவில்லை. (அடுத்த முறை பையைப் பிரித்து அடிவரை பார்க்காமல் வாங்கப் போவதில்லை.)

கடைசியில் தெர்மாமீட்டரை டீ ஊறும் கெண்டிக்குள்ளேயே விட்டேன். காலையில் அலமாரியிலிருந்து எடுத்த பீங்கான் கெண்டியில் ஊற்றியதும் தண்ணீர் 72 டிகிரிக்கு இறங்கியது. கழுவும் இயந்திரத்திலிருந்து வந்த, கை பொறுக்காத கெண்டியில் 78! தடித்த பீங்கான் என்பதால் சூடும் இறங்காமல் நிற்கிறது. இனிப்பும் சாரமும் தரும் அமினோ அமிலங்கள் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். மாறிக்கொண்டே இருந்தது கெண்டிதான்.

கூட்ட நேரத்தில் கெண்டி ஆறும்வரை காத்திருக்க முடியாது. அதனால் தலைகீழாகச் செய்தேன்: எல்லாக் கெண்டியையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டு, கெட்டிலை 75க்குக் குறைத்தேன். நேற்று போட்ட ஒன்பது கெண்டியும் 72, 73லேயே நின்றன. ஒன்றுகூடக் கசக்கவில்லை. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி!

காலை நேரத்து பிளாக் டீ நீர்த்துப்போனதற்கும் இதே கெண்டிதான் காரணம். கொதித்த தண்ணீர் குளிர்ந்த கெண்டியில் 86க்கு விழுந்திருந்தது. சூடாக்கிய கெண்டியில் 91 நிற்கிறது. நான்கு நிமிடத்தில் பால் விட்டாலும் தாங்கும் நிறம் வருகிறது.

பரிமாறுவதில்தான் இன்னும் சண்டை. இலையோடு கெண்டியை மேசைக்கு அனுப்பினால் இரண்டாவது கோப்பை பாழ். வடிகட்டிக் கூடையை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று தினமும் சொல்கிறேன்; அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

மூலிகை டீக்கு இந்தக் கவலை குறைவு. சீமைச்சாமந்திக்குக் கொதிநீர், ஆறு நிமிடம். மூடியை மட்டும் திறக்கக் கூடாது. அதன் உட்புறத்தில் திரளும் துளிகளில்தான் மணம் இருக்கிறது, அவற்றைக் கெண்டிக்குள்ளேயே தட்டிவிடுகிறேன். செம்பருத்தியை அதோடு எந்த அளவில் கலப்பது என்பதை இந்த வாரம் பார்க்க வேண்டும். 60 டிகிரியில் ஊறும் கியோகுரோ என்ற ஜப்பானிய கிரீன் டீ இலையும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குச் சிறிய, மெல்லிய கெண்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.