பிரம்பு வலைக்கு பிக்சல் கணக்கு: மூணு வாரம் கழிச்சு ஒரே ஒரு ஷட்டர் சரியா வந்துச்சு

நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தப் படம் வந்துச்சு. தேக்கு வார்ட்ரோப், ரெண்டு ஷட்டர், நடுவுல பிரம்பு வலை. ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணி ஒரு குறுக்குக் கீற்றை இந்தச் சட்டத்துல இருந்து அந்தச் சட்டம் வரைக்கும் விரல் வச்சு ஓட்டிப் பார்த்தேன், எங்கயும் அறுபடல. மூணு வாரமா இந்த ஒரு சோதனைலதான் எல்லாப் படமும் விழுந்துட்டு இருந்துச்சு. பொண்டாட்டிய எழுப்பிக் காட்டணும்னு கை துறுதுறுன்னு வந்துச்சு, உயிர் முக்கியம்னு விட்டுட்டேன்.

விஷயம் என்னன்னா, பெங்களூர் அல்சூர்ல அத்தை வீட்டு முன் ரூமை மாத்தப் போறாங்க, அதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு, எழுதிக் கொடுத்தா படம் வரையற ஏஐ மாடல் எஸ்டிஎக்ஸ்எல்ல படம் போட்டுத் தரேன்னு வாய விட்டுட்டேன். வார்ட்ரோப், ஜன்னல் பக்கம் ஒரு இரும்புத் தடுப்பு, முன்னாடி ஒரு பிரம்பு நாற்காலி, அவ்ளோதான். ரூம் முதல் நாளே வந்துடுச்சு, வெளிச்சம் தரை எல்லாம் சூப்பர். ஆனா அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு பார்த்துட்டு "என்னடா இது, கோழிக்கூண்டு கம்பி வலை மாதிரி இருக்கு"ன்னாங்க. பார்த்தா நிஜமாவே அறுகோணமாதான் இருந்துச்சு.

பிராம்ப்ட்லதான் தப்புன்னு முதல் ரெண்டு வாரம் வார்த்தையா மாத்தி மாத்திப் போட்டேன். வெறும் `cane`னு போட்டா கைத்தடி வருது, `rattan`னு போட்டா கோவா ரிசார்ட் பிளாஸ்டிக் சோபா வருது, `wicker`னு போட்டா கூடை. `cane webbing`தான் கிட்டத்தட்ட வந்துச்சு, ஆனா தூரத்துல இருந்து பார்த்தாதான் வலை, கிட்ட போனா கஞ்சி. பாதியில மறையுற கீற்று, ரெண்டு குறுக்குல ஒண்ணு மட்டும் இருக்குறது, ஓட்டை ஒரு மூலைல எட்டு பக்கம் இன்னொரு மூலைல ஆறு பக்கம்.

அப்புறம்தான் ஒரு நாள் ஆபீஸ் வண்டில உக்காந்து கணக்கு போட்டேன், சில்க் போர்டு சிக்னல்ல வேற என்ன வேலை. கடைல கிடைக்குற சாதாரண வலைல ஓட்டைக்கு ஓட்டை அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். கீற்று ஒவ்வொண்ணும் ரெண்டரை மில்லிமீட்டர் வாக்குல. என் படத்துல தெரியுற ரூம் அகலம் சுமார் 3 மீட்டர், படம் 1024 பிக்சல். அப்படின்னா ஒரு பிக்சலுக்கு கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். ஒரு ஓட்டைக்கு நாலு பிக்சல், ஒரு கீற்றுக்கு ஒரு பிக்சல் கூட இல்ல! அதுக்கு மேல, மாடல் பிக்சல்ல வரையறதே இல்ல, 8க்கு 8 பிக்சல் கட்டத்தை ஒரு புள்ளியா சுருக்கி வச்சுக்கிட்டு அதுலதான் வேலை பாக்குது. ஒரு கட்டத்துக்குள்ள நெட்டுவாக்குல ரெண்டு ஓட்டை, குறுக்கால ரெண்டு ஓட்டை மாட்டிக்குது. அது எங்க இருந்து நெய்யும் பாவம். நான் இவ்ளோ நாள் அதைத் திட்டிட்டு இருந்திருக்கேன்.

இன்னொரு சோதனையும் இதுல இருந்தே கிடைச்சுது, ஓட்டைய எண்ணுறது. என் ஷட்டர்ல வலை தெரியுற அகலம் 450 மில்லிமீட்டர், அப்போ குறுக்கால 35 ஓட்டை இருக்கணும். என் பழைய படத்துல எண்ணினா 14. ஒவ்வொரு ஓட்டையும் ஒன்னேகால் இன்ச், அதுல எலி தாராளமா போய்ட்டு வரும். அழகா இருக்குன்னு ஏமாந்த நிறைய படத்துல இப்போ எண்ணிப் பார்த்துட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

சரி, அப்புறம் மாதிரி வேணுமேன்னு சனிக்கிழமை பேம்பூ பஜார் போனேன். அதுக்கு முன்னாடி வேற ஏரியால ஒரு கடைல "ஒரிஜினல் பிரம்பு சார்"னு சொல்லி ஒரு ரோல் துண்டு தலைல கட்டிட்டாங்க, வீட்டுக்கு வந்து தண்ணில ஊற வச்சா ரெண்டு மணி நேரம் ஆகியும் விறைப்பாவே கிடக்கு. பிளாஸ்டிக். நிஜப் பிரம்பு ஊறினா துவண்டுரும், காஞ்சா இறுகும், அதனாலதான் ஆசாரிங்க ஈரமா வச்சு அடிப்பாங்க. முன்பக்கம் வழவழப்பு, பின்பக்கம் சொரசொரன்னு மங்கலா இருக்கும், அதையும் பார்த்துக்கோங்க. பேம்பூ பஜார்ல பெரியவர் ஒருத்தர் நம்ம ஊர்ப்பக்கம்தான் போல, "எத்தன அடி தம்பி?"ன்னார், ஒரு அடி போதும்ணே போட்டோ எடுக்கன்னேன், மேலயும் கீழயும் பார்த்துட்டு வெட்டிக் கொடுத்தார்.

அந்தத் துண்டை வெள்ளைத் தாள் மேல வச்சு பால்கனி நிழல்ல நேர் மேல இருந்து போட்டோ எடுத்தேன். அப்போதான் நெசவே ஒழுங்கா புரிஞ்சுது. நெட்டுவாக்குல ஜோடி ஜோடியா, படுக்கைவாக்குலயும் ஜோடி ஜோடியா, அப்புறம் ரெண்டு பக்கமும் சாய்வா ஒவ்வொண்ணு. ஒரு சாய்வு நெட்டு ஜோடிக்கு மேல போய் படுக்கை ஜோடிக்குக் கீழ போகுது, எதிர் சாய்வு அப்படியே உல்டா. இந்தச் சாய்வுங்க மூலைய வெட்டுறதாலதான் சதுர ஓட்டை எண்கோணமா ஆகுது. சாய்வு ஒண்ணு விட்டுப்போனாலும் வலை பார்க்க பொய்யா தெரியுறதுக்குக் காரணம் இதான்.

இப்போ வேலை பண்ணின வரிசைய சொல்லிடறேன், இதுலதான் நான் ரெண்டு தடவை முட்டிக்கிட்டேன். வலைய முதல்ல திருத்திட்டு அப்புறம் படத்தைப் பெருசாக்கினேன், அது தப்பு. `Only masked` வச்சு ஷட்டரை மட்டும் 1024ல வரைய விட்டா உள்ள அருமையா வருது, ஆனா திரும்ப 1024 படத்துலயே ஒட்டும்போது பழையபடி ஓட்டைக்கு நாலு பிக்சலா நசுங்கி, பட்டுச் சேலை மாதிரி அலை அலையா மின்னுது. அதனால முதல்ல மொத்தப் படத்தையும் நாலு மடங்கு, 4096க்கு ஏத்திக்கணும். அப்போ ஷட்டர் வலை 614 பிக்சல், ஓட்டைக்கு 17, கீற்றுக்கு மூணு சொச்சம். இது போதும். பெருசாக்கும்போது அந்த இடத்துல கண்டபடி கோடு இழுத்து வைக்கும், கண்டுக்காதீங்க, எப்படியும் மூடப் போறோம்.

அடுத்து படம் திருத்துற சாஃப்ட்வேர் கிம்ப்ல அந்த போட்டோவ பக்கத்துல பக்கத்துல அடுக்கி, 35 ஓட்டை வர்ற மாதிரி சுருக்கி, ஷட்டர் சாய்வுக்கு இழுத்து ஒட்டினேன். வெறும் ஒட்டு, ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். அதுக்கு மேல, இந்த இடத்தை மட்டும் திரும்ப வரைன்னு சொல்ற மாஸ்க் போட்டு இந்த பிராம்ப்ட்:

```
natural cane webbing panel, octagonal holes,
glossy pale strands, slight colour variation,
thin teak beading, raking window light from left
```

இருக்குற படத்தை மாடல் எவ்ளோ மாத்தலாம்னு சொல்ற `Denoising strength`தான் உயிர். 0.6ல வச்சா நான் ஒட்டினதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு திரும்ப கோழிக்கூண்டு. 0.2ல ஸ்டிக்கர் ஸ்டிக்கராவே நிக்குது. என் மிஷின்ல 0.35லதான் நெசவு அப்படியே இருந்து, வெளிச்சமும் மரத்தோட நிறமும் மட்டும் அது மேல ஏறுச்சு. `Only masked padding` 32ல இருந்து 96க்கு ஏத்தினதும் நல்லதாச்சு, சுத்தி இருக்குற தேக்கையும் அது பார்த்தாதானே எந்தப் பக்கம் வெளிச்சம்னு தெரியும். பிராம்ப்ட்ல பீடிங்னு போட்டதுக்கு காரணம் இருக்கு, மாடல் பாட்டுக்கு வலைய நேரா மரத்துக்குள்ள கரைச்சு விட்டுடுது. நிஜத்துல வலை ஓரத்தை பின் அடிச்சு மேல மெல்லிசா ஒரு மரப் பட்டை, அதான் பீடிங், ஓடும், அந்தச் சின்ன நிழல் கோடு இருந்தாதான் ஆசாரி கை பட்ட மாதிரி இருக்கு.

இன்னும் ஒரு உறுத்தல் இருந்துச்சு. தடுப்புலயும் இதே வலைதான், அதுக்குப் பின்னாடி வெயில், தரைல ரெண்டு மீட்டர் தள்ளி ஒவ்வொரு ஓட்டையும் துல்லியமா நிழலா விழுந்திருந்துச்சு. பார்க்க கொள்ளை அழகு. ஆனா ஏதோ சரியில்லன்னு வாங்கின துண்டை மாடி வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன். தரைக்கு ஒரு சாண் உயரத்துல கீற்று தெளிவா விழுது, இடுப்பு உயரத்துக்குத் தூக்கினா மங்குது, தலைக்கு மேல தூக்கினா வெறும் சாம்பல் சதுரம். சூரியன் புள்ளி இல்லையே, அரை டிகிரி அகல வட்டம், அதனால நிழலோட ஓரம் ஒரு மீட்டருக்கு 9 மில்லிமீட்டர் வீதம் கலையுது. ஒன்றரை மீட்டர்லயே அரை இன்ச் ஓட்டை முழுசா கரைஞ்சுடும். அந்த அழகு நிழலை மனசைக் கல்லாக்கிட்டு அழிச்சேன். சட்டத்தோட நிழல் மட்டும் பட்டையா இருக்கு, நடுவுல லேசா ஒரு மங்கல். இப்போதான் வெயில் வெயிலா இருக்கு.

இரும்புத் தடுப்பு பத்தி சுருக்கமா. `wrought iron`னு எழுதின உடனே சுருள் சுருளா பங்களா கேட் வந்து நிக்குது, கம்பி ஒவ்வொண்ணும் தண்ணி பைப் தடி. நம்ம தெரு வெல்டர்கிட்ட கேட்டேன், "ராட் அயர்னெல்லாம் பேருதான் சார், வர்றது எல்லாம் எம்எஸ், மைல்டு ஸ்டீல்தான், பன்னெண்டு எம்எம் சதுர ராட் போட்டுக்கலாம்"னார். 12ன்னு நம்பரா பிராம்ப்ட்ல போட்டா மாடலுக்கு மண்டைல ஏறல, வார்த்தைதான் வேலை செய்யுது:

```
slender forged square bar, blackened and waxed,
soft highlights on hammered edges
```

`matte black` எடுத்துட்டேன், அது பவுடர் கோட்டிங் அடிச்ச ஜிம் சாமான் மாதிரி தட்டையா ஆக்குது. மெழுகு தேய்ச்ச கருப்புன்னு சொன்னா ஓரத்துல மட்டும் வெளிச்சம் பிடிக்குது, அதுவும் ஜன்னல் பக்கவாட்டுல இருந்தாதான். தடிமனை செக் பண்ண பழைய வழிதான், 4096ல ஒரு பிக்சல் முக்கால் மில்லிமீட்டர்கிட்ட, அப்போ 12 எம்எம் கம்பி 16 பிக்சல் இருக்கணும். அளந்தா 31. ரெண்டு கம்பிய கிம்ப்ல நானே ஒல்லியாக்கிட்டேன், மீதி ஆறு பாக்கி.

நடுவுல மூளை வேற எங்கயோ போகுது. மிச்சம் இருக்குற முக்கால் அடி நிஜ வலைய ஒரு ஷூ ரேக் கதவுல அடிச்சா என்னன்னு நேத்து எஸ்.ஜே.பி ரோட்ல பின் அடிக்குற கன் விலை கேட்டுட்டு வந்தேன். சொன்ன விலைக்கு ஆசாரியவே கூப்பிடலாம்.

நாற்காலிதான் இன்னும் அடம். பிரம்புக் கழி உள்ள கெட்டி, கணு இருக்குற இடத்துல லேசா ஒரு தட்டை வளையம் மட்டும்தான் தெரியும், புடைச்சுக்கிட்டு நிக்காது. என் நாற்காலி கை ரெண்டும் கணு கணுவா புடைச்சு அசல் மூங்கில். `no bamboo`ன்னு போட்டா கூட ரெண்டு கணு சேர்த்துத் தருது. `smooth peeled pole, faint flat rings`னு போட்டு இடது கை திருந்திடுச்சு, வலது கை இன்னும் மூங்கில்தான், மூட்டுல சுத்தின தோல் கட்டு வேற எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியாம கழிக்குள்ள மறையுது. அத்தை ஞாயித்துக்கிழமை கேப்பாங்க, நாற்காலிய வலது பக்கம் திருப்பி வச்ச படத்தைத்தான் காட்டப் போறேன்.