டிஐ குழாயில் ஹைட்ரோ டெஸ்ட்: முள்ளோடு லிட்டரையும் எழுதி வைத்தோம்

ஊரகக் குடிநீர்த் திட்டம் ஒன்றில் 200 மி.மீ. டிஐ கே9 குழாய், அதாவது கே9 தடிமன் வகையைச் சேர்ந்த டக்டைல் இரும்புக் குழாய் பதித்து, அதன் ஒரு பகுதியில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் எடுத்த அனுபவம் இது. ஒவ்வொன்றும் 5.5 மீட்டர் நீளத்தில் 180 குழாய்கள், மொத்தம் 990 மீட்டர். ரப்பர் கேஸ்கெட் வைத்துத் தள்ளிச் சேர்க்கும் புஷ்-ஆன் இணைப்புகள். ஒரு முனையை விட மறுமுனை 12 மீட்டர் உயரம். தாழ்ந்த முனையில் வேலை அழுத்தம் 6 கிலோ. சைட்டில் நாங்கள் கிலோ என்று சொல்வது சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ, அதாவது பத்து மீட்டர் நீர் உயரம். அதன் ஒன்றரை மடங்கான 9 கிலோதான் எங்கள் டெஸ்ட் அழுத்தம்.

இந்த 9 கிலோ எந்த இடத்தில் என்பதை முதலிலேயே எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. பம்பையும் கேஜையும் தாழ்ந்த முனையில் வைத்தோம். அங்கே 9 காட்டும்போது மேட்டு முனையில் 7.8 தான் இருக்கும், சராசரி 8.4. மேட்டு முனையில் கேஜை வைத்து 9 ஏற்றியிருந்தால் பள்ளத்தில் 10.2 வந்திருக்கும். அங்கே இருக்கும் வால்வு, முட்டுக் கட்டை எல்லாம் அதைத் தாங்குமா என்று தனியாகப் பார்த்திருக்க வேண்டும்.

முட்டு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குழாயின் வெளிவிட்டம் 222 மி.மீ. முனையை மூடியிருக்கும் எண்ட் கேப் மீது 9 கிலோ அழுத்தத்தில் சுமார் மூன்றரை டன் தள்ளுவிசை வரும். புஷ்-ஆன் இணைப்புக்கு இழுவையைத் தாங்கும் பிடிப்பு கிடையாது, முட்டு நகர்ந்தால் குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் தோண்டாத கெட்டி மண்ணை அணைத்து மரக்கட்டையும் இரும்புத் தகடும் வைத்து முட்டுக் கொடுத்தோம். வளைவுகளில் போட்ட கான்கிரீட் நன்றாக இறுகும் வரை காத்திருந்தோம். எண்ட் கேப்புக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று கயிறு கட்டினோம். மூடிய ஸ்லூயிஸ் வால்வையே முனையாக வைத்து டெஸ்ட் எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. வால்வின் சீட் வழியாகத் தண்ணீர் கசிந்தால், குழாய் கசிகிறதா வால்வு கசிகிறதா என்று பிரித்தறிய வழியே இல்லை.

குழாயின் நடுப்பகுதிகளை மண்ணால் மூடிவிட்டு இணைப்புகளை மட்டும் திறந்து வைத்திருந்தோம். மண் மூடுவது குழாய் அசையாமல் இருக்க மட்டுமல்ல, வெயிலுக்காகவும்தான். காற்றில்லாமல் நிரம்பி மூடிய இரும்புக் குழாயில் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி ஏறினாலே அழுத்தம் சில கிலோ ஏறலாம். மதிய வெயிலில் குழாய் வெறுமனே கிடந்தால், கசிவு இருந்தும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே அழுத்தத்தைப் பிடித்து வைத்துப் பார்க்கும் ஹோல்டு எல்லாவற்றையும் விடியற்காலையில் தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

தண்ணீரைத் தாழ்ந்த முனையிலிருந்து விநாடிக்கு ஒரு லிட்டர் அளவில் மெதுவாக விட்டோம். மேட்டு முனை வால்வு திறந்தே இருந்தது. மொத்தம் 32,000 லிட்டர், நிரம்ப ஒன்பது மணி நேரம் ஆனது. அவசரமாக விட்டால் காற்று தண்ணீரோடு கலந்து அங்கங்கே தங்கிவிடும். நிரம்பியதும் 24 மணி நேரம் அப்படியே ஊற விட்டோம். உள்ளே இருக்கும் சிமெண்ட் பூச்சு தண்ணீரைக் குடிக்கும், அது முடியாமல் அழுத்தம் ஏற்றினால் முள் சும்மா சும்மா இறங்கும்.

அழுத்தத்தை 3, 6, 9 என்று மூன்று படிகளில் ஏற்றுவதாகத் திட்டம். முதல் இரண்டு படிகளிலும் 15 நிமிடம் நிறுத்தி, லைன் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். இதோடு நான் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்வேன். பம்ப் உறிஞ்சும் தண்ணீரை அளவுக்கோடு போட்ட டிரம்மில் வைத்து, ஒவ்வொரு படிக்கும் எத்தனை லிட்டர் போனது என்று எழுதுவேன். தண்ணீரும் கொஞ்சம் சுருங்கும், குழாயும் கொஞ்சம் விரியும். இந்த லைனுக்குக் கணக்குப் போட்டால் காற்றே இல்லாதபோது ஒரு கிலோ ஏற்றச் சுமார் 2 லிட்டர் போதும். 3-லிருந்து 6-க்குப் போக 6 லிட்டர்.

எங்களுக்கு 38 லிட்டர் போனது. முள் 6-ல் அசையாமல் நின்றது, ஒரு இணைப்பிலும் ஈரம் இல்லை. கேஜை மட்டும் பார்ப்பவர் அடுத்த படிக்குப் போயிருப்பார். ஆனால் கூடுதலாகப் போன 32 லிட்டர் எங்கோ காற்றைச் சுருக்கப் போயிருக்கிறது. திருப்பிக் கணக்கிட்டால் உள்ளே அடைபட்ட காற்று, வெளியே விட்டால் 240 லிட்டர் இடம் பிடிக்கும் அளவு. இவ்வளவு காற்று இருந்தால் 9 கிலோவில் 2 லிட்டர் கசிந்தாலும் முள் அரை கிலோகூட இறங்காது. காற்றில்லாத லைனில் அதே கசிவுக்கு ஒரு கிலோ இறங்கும். அதோடு, சுருங்கிய காற்று அழுத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எண்ட் கேப் விட்டுப்போனால் பாய்ந்து போய் விழும்.

மேட்டு முனையில் காற்று முழுக்க வெளியேறியிருந்தது, ஆகவே இடையில்தான் எங்கோ இருக்க வேண்டும். லெவல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஃபிட்டர் அண்ணனோடு நடந்தேன். பழைய கல் பாலத்தடியில் பாறை வந்ததால் குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பதித்திருந்தார்கள். வரைபடத்தில் இல்லாத சின்ன மேடு அது, ஏர் வால்வும் கிடையாது. அழுத்தத்தை இறக்கி, அந்த மேட்டின் உச்சியில் சேடில் என்ற பட்டையை மாட்டி, ஃபெரூல் என்ற சின்னத் திறப்பைப் போட்டோம். திறந்ததும் சீறிக்கொண்டு காற்று வந்தது, கடைசியில் வெள்ளையாக நுரை, அப்புறம் தெளிந்த தண்ணீர். மறுபடி ஏற்றியபோது 3-லிருந்து 6-க்கு 7 லிட்டர் போனது. அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு ஏர் வால்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். டெஸ்ட்டுக்குத் தொந்தரவு தந்த காற்று நாளை ஓட்டத்துக்கும் தொந்தரவு தரும்.

6-ல் 15 நிமிடம் நன்றாக நின்றது. 7-ஐத் தாண்டும்போது பம்ப் அடிக்க அடிக்க முள் சோம்பலாக ஏறியது. 9-ஐத் தொட்டு பம்பை நிறுத்தியதும் ஐந்தே நிமிடத்தில் 8. லைனில் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். திறந்திருந்த இணைப்புகள் எல்லாம் காய்ந்தே இருந்தன, முட்டும் நகரவில்லை. சரி, அளந்து பார்ப்போம் என்று ஒரு மணி நேரம் 9-லேயே பிடித்து வைத்தோம். போன தண்ணீர் 23 லிட்டர்.

இந்த இடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசு அமைப்பான சிபிஎச்ஈஈஓவின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட கசிவுக்கு இந்தச் சூத்திரம் இருக்கிறது:

```
Q = N × D × √P / 3.3
```

Q ஒரு மணி நேரத்துக்குக் கன செ.மீ., N இணைப்புகளின் எண்ணிக்கை, D விட்டம் மி.மீ.யில், P சராசரி டெஸ்ட் அழுத்தம் கிலோவில். எங்கள் லைனுக்கு 180 × 200 × √8.4 / 3.3, அதாவது மணிக்கு 31.6 லிட்டர். "சார், 23 தானே வந்திருக்கு, உள்ளேதான் இருக்கு, கையெழுத்துப் போட்டுடலாமே" என்றார் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர்.

நான் போடவில்லை. அதே கையேடு டெஸ்ட் அழுத்தத்தைக் குறைந்தது 4 மணி நேரம் பிடித்து வைத்துக் கண்ணால் பார்த்துக் கசிவில்லை என்று உறுதி செய்யவும் சொல்கிறது, எங்கள் ஒப்பந்தத்திலும் இரண்டும் தனித்தனி நிபந்தனைகள். அதற்கும் மேலாக, இந்தச் சூத்திரத்தின் தாராளம் ரப்பர் இணைப்புக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அமெரிக்க நீர்ப்பணிச் சங்கமான ஏடபிள்யூடபிள்யூஏவின் சி600 விதியில் இதே லைனைப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 7 லிட்டர் சொச்சம்தான் வரும். நன்றாகச் சேர்த்த புஷ்-ஆன் இணைப்பு கசியவே கசியாது. 180 இணைப்பும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கசிந்து 23 லிட்டர் வராது, ஏதோ ஒன்றுதான் மொத்தத்தையும் விடும். அந்த ஒன்று காலப்போக்கில் சுற்றியுள்ள மணலை அரித்துப் பெரிதாகும்.

திறந்திருந்தவை காய்ந்திருந்தால் மூடியிருப்பவைதான் மிச்சம். சாலை குறுக்கே போகும் இடத்தில் போக்குவரத்துக்காக இரண்டு இணைப்புகளை முழுக்க மூடியிருந்தார்கள். 9 கிலோ இருக்கும்போதே ஃபிட்டர் அண்ணன் அங்கே கடப்பாரையைக் குழாய் வரை இறக்கி, மேல் முனையில் காதை வைத்தார். "இங்கதான் சார், இரையுது" என்றார். அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டுத்தான் தோண்டினோம்.

இரண்டாவது இணைப்பைச் சுற்றி மண் சேறாக இருந்தது. சாக்கெட்டுக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட சந்தில் மெல்லிய தகட்டை விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்த்தோம். மற்ற இடங்களில் ரப்பரில் முட்டி ஒரே ஆழத்தில் நின்ற தகடு, அடிப்பக்கம் மட்டும் ஆழமாக இறங்கியது. கேஸ்கெட் அங்கே மடங்கிப் பின்னால் போயிருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் எப்படியோ அடைத்துக்கொண்டு நின்று, 7-க்கு மேல் வழிவிட்டிருக்கிறது. ஒரே மூச்சில் 9-க்கு ஏற்றியிருந்தால் எந்த அழுத்தத்தில் திறந்தது என்பதே தெரிந்திருக்காது. இந்தத் தகட்டுச் சோதனை இணைப்பு சேர்த்த உடனே செய்ய வேண்டியது, ஒரு நிமிட வேலை. சாலையை மூடும் அவசரத்தில் அங்கே அது நடக்கவில்லை.

புஷ்-ஆன் இணைப்பில் முடுக்குவதற்கு போல்ட் கிடையாது. குழாயைப் பக்கத்தில் அறுத்து, முனையை உருவி, புது கேஸ்கெட் போட்டுத் தள்ளினோம். முனையின் சாய்வு விளிம்பில் ஒரு வெட்டுக் காயம் இருந்தது, அரத்தால் ராவினோம். அறுத்த இடத்தில் போல்ட் முடுக்கிச் சேர்க்கும் எம்ஜே காலர் போட்டோம். அந்த மூன்று இணைப்புகளையும் இரும்புத் தகடு பாலம் போட்டுத் திறந்தே வைத்தோம்.

மறுபடி நிரப்பி, ஃபெரூலில் காற்றை வெளியேற்றி, ஊற விட்டு, அதே மூன்று படி. இந்த முறை 3-லிருந்து 9-க்கு 13 லிட்டர் போனது, கணக்கு சொன்னது 12. விடியற்காலையில் பம்பைக் கழற்றிவிட்டு 4 மணி நேர ஹோல்டு தொடங்கினோம். 9-லிருந்து 8.7-க்கு வந்து அங்கேயே நின்றது. அது அரை லிட்டர் சொச்சம் தண்ணீர். இணைப்புகள் அனைத்தும் காய்ந்திருந்தன. அப்புறம் 9-க்கு ஏற்றி 2 மணி நேரக் கசிவுச் சோதனை, அழுத்தத்தைப் பிடித்து வைக்கச் சேர்த்தது ஒன்றரை லிட்டர். சூத்திரப்படி 63 லிட்டர் வரை போகலாம்.

துறையின் உதவிப் பொறியாளர் கேஜின் அளவீட்டுச் சான்றிதழ் தேதியையும், பக்கத்தில் மாட்டியிருந்த இரண்டாவது கேஜையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பதிவுத் தாளில் நேரம், அழுத்தம் என்ற இரண்டு பத்திகளோடு லிட்டர் என்று மூன்றாவது பத்தியும் இருந்தது. மேட்டு முனை வால்வைத் திறந்து காற்று உள்ளே போக வழி செய்துவிட்டு, தாழ்ந்த முனையில் மெதுவாகத் தண்ணீரை வடித்தோம். இணைப்புகளை மூடும் வேலை அன்று மாலையே தொடங்கியது.