இந்த வரிசை ஸ்டாக்கிலிருந்து வெளியே வருமா?

கேட் தேர்வுக்குப் படிக்கும்போது ஸ்டாக் பாடத்தில் ஒரு கேள்வி விதவிதமான எண்களோடு திரும்பத் திரும்ப வரும். 1, 2, 3, 4, 5 இதே வரிசையில் புஷ் ஆகின்றன, நடுவில் எப்போது வேண்டுமானாலும் பாப் செய்யலாம். கீழே உள்ளவற்றில் எந்த வரிசை வெளியே வராது? மனக்கணக்காகப் போட்டால் தலை சுற்றும். நான் தாளில் ஸ்டாக்கை வரைந்து, புஷ் பாப் எல்லாவற்றையும் நடத்தியே பார்த்துவிடுவேன்.

3 4 2 5 1 வருமா என்று பார்ப்போம். முதலில் 3 வேண்டும். அதனால் 1, 2, 3 புஷ். மேலே 3 இருக்கிறது, பாப். அடுத்து 4 வேண்டும்: புஷ், உடனே பாப். அடுத்து 2, அது ஏற்கனவே மேலே நிற்கிறது, பாப். 5 புஷ், பாப். கடைசியில் 1. ஸ்டாக் காலி, ஆக இந்த வரிசை வரும்.

இப்போது 2 4 1 5 3. 1, 2 புஷ், 2 பாப். 3, 4 புஷ், 4 பாப். அடுத்து 1 வேண்டும், ஆனால் அதன் தலைமேல் 3 உட்கார்ந்திருக்கிறது. 5-ஐப் புஷ் செய்தால் இன்னும் மேலேதான் அடுக்கும். இங்கேயே முடிந்தது, வராது. பழகிய பிறகு கண்ணுக்கே இது தட்டுப்பட ஆரம்பித்தது: ஒரு பெரிய எண்ணுக்குப் பிறகு, அதைவிடச் சிறிய இரண்டு எண்கள் ஏறுவரிசையில் வந்தால் (இங்கே 4, பிறகு 1, பிறகு 3) அந்த வரிசை நடக்காது. ஆனால் 1, 2, 3 என்று ஒழுங்காகப் புஷ் ஆனால்தான் இந்தக் குறுக்குவழி.

இதையே ப்ரோக்ராமாக எழுதியது யூவிஏ தளத்தின் 514-ஆம் கணக்குக்காக. ரயில் பெட்டிகள் ஒரு முட்டுச்சந்து ஸ்டேஷனுக்குள் போய் வேறு வரிசையில் வெளியேற முடியுமா என்பது கேள்வி; 1000 பெட்டிகள் வரை வரும். மையப் பகுதி இவ்வளவுதான்:

```python
def possible(pushed, popped):
    stack = []
    j = 0
    for x in pushed:
        stack.append(x)
        while stack and stack[-1] == popped[j]:
            stack.pop()
            j += 1
    return not stack
```

லூப்புக்குள் லூப் இருப்பதைப் பார்த்து n² என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் ஒருமுறை உள்ளே போகிறது, அதிகபட்சம் ஒருமுறை வெளியே வருகிறது. `popped[j]` எல்லை தாண்டுமா என்ற சந்தேகமும் எனக்கு வந்தது. இரண்டு பட்டியலும் ஒரே நீளம் என்றால் தாண்டாது: ஸ்டாக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால், வெளியே வரவேண்டியதும் மிச்சம் இருக்கும். `while` வரியில் `stack` என்ற சோதனை முதலில் நிற்பது அதற்காகவும்தான்.

சரிபார்க்க 1 முதல் n வரையிலான எல்லா வரிசை மாற்றங்களையும் உள்ளே விட்டு, எத்தனை `True` என்று எண்ணினேன். 3 எண்களுக்கு 6-ல் 5, 4 எண்களுக்கு 24-ல் 14, 5 எண்களுக்கு 120-ல் 42. இவை கேட்டலன் எண்கள். இந்தக் கணக்குக்கு வரவேண்டியதும் அவைதான்.

பிறகு ஜூனியர் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஒரே எண் ரெண்டு தடவை இருந்தா?"

நல்ல கேள்வி. மேலே இருப்பது பொருந்தியதுமே பாப் செய்துவிடுகிறோமே, அது ஏன் சரி? அடுத்து வெளியே போகவேண்டியது அதுதான். அதன்மேல் வேறொன்றை அடுக்கினால், அந்த வேறொன்று முதலில் போயாக வேண்டும். எண்கள் எல்லாம் வேறுவேறாக இருந்தால் நமக்கு வேறு வழியே கிடையாது. ஆனால் மேலே அடுக்கப் போவதிலும் அதே எண் இருந்தால் இந்த வாதம் உடைகிறது.

புஷ் 1 2 1 3, பாப் 1 3 2 1 என்று கொடுத்துப் பாருங்கள். ப்ரோக்ராம் முதல் 1-ஐ உடனே பாப் செய்கிறது. பிறகு 2, 1, 3 புஷ், 3 பாப். அடுத்து 2 வேண்டும், மேலே 1 மறிக்கிறது. `False`. ஆனால் முதல் 1-ஐ அடியிலேயே விட்டுவைத்து 1, 2, 1 புஷ் செய்து, இரண்டாவது 1-ஐப் பாப் செய்தால்? 3 புஷ், பாப், 2 பாப், 1 பாப். கச்சிதமாக வந்துவிடுகிறது.

அவனுக்கு நான் காட்டிய மாற்று வழி: முதலில் புஷ் ஆகும் எண், பாப் வரிசையில் அதே மதிப்புள்ள எந்த இடத்தில் வெளியேறுகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்கு முன்னால் k எண்கள் இருந்தால், அவை புஷ் வரிசையில் அடுத்த k எண்களாகவே இருக்க வேண்டும். அந்தத் துண்டையும், மீதித் துண்டையும் தனித்தனியே இதேபோலச் சோதிக்கலாம். ஒருமுறை பார்த்த துண்டின் விடையைச் சேமித்து வைத்தாலும் வேலை சுமார் n⁴ வரை போகும். 1000 பெட்டிகளுக்கு இது கட்டாது. எண்கள் திரும்பி வராத 514-க்கு இது தேவையும் இல்லை.